கடுங்குறிப்பும் காரியப் பட்டியலும்

ஓர் ஊழியரின் ஓராண்டு உழைப்பை நான்கைந்து வாக்கியங்களில் அடக்கி எழுதுவதே ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பாகும். அவ்வாறு சுருக்கி எழுதும்போது சொற்கள் கூர்மையடைந்துவிடுகின்றன. நல்ல பணியைப் பற்றி எழுதுகையில் ‘திருப்திகரம்’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும் பேனா, குறையைப் பற்றி எழுதுகையில் ‘அறவே இல்லை’, ‘சிறிதும் தெரியவில்லை’ என்று தாராளமாக ஓடுவதை நம் அலுவலகங்களில் யாவரும் கண்டிருப்பர். இத்தகைய குறிப்பு ஒன்று கைக்கு வந்த நாள்முதல், அதிலிருந்து செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியல் ஒன்று எழுத்தில் உருவாகும் நாள்வரை என்னென்ன செய்யலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

நாம் அறிந்த ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் மண்டலத் துணை வட்டார வளர்ச்சி அலுவலராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் உளர். அவருடைய பெயரும் ஒன்றியத்தின் பெயரும் இங்கு வேண்டா. 12 ஊராட்சிகள் அவருடைய மேற்பார்வையில் உள்ளன. அவருக்கு வந்த குறிப்பில் நான்கு வாக்கியங்கள் இருந்தன. ‘குடிநீர்ப் பணியில் மேற்பார்வை அறவே இல்லை; கடைக்கோடிக் குழாய்களில் குளோரின் காணப்படவில்லை’ என்பது முதலாவது. ‘வீட்டு வரி வசூலில் ஊராட்சிச் செயலர்களை முடுக்கிவிடத் தெரியவில்லை’ என்பது இரண்டாவது. ‘பொதுமக்களிடம் அலட்சியமாகப் பேசுகிறார்’ என்பது மூன்றாவது. ‘மொத்தத்தில் பொறுப்புணர்வு குறைந்தவர்’ என்று நான்காவது வாக்கியம் முடித்துவைத்தது.

நண்பர் அன்று மாலையே 6 பக்கத்தில் பதில் ஒன்று எழுதினார். எந்த மழையில் எந்த ஊருக்குச் சென்றார், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அலுவலகத்தில் கழிந்தன, தமக்கு முன்னிருந்தவர் எவ்வளவு நிலுவையை விட்டுச் சென்றார் என்பனவெல்லாம் அதில் இருந்தன. எழுதியதில் பிழையில்லை. மனத்தில் உள்ளதைத் தாளில் இறக்கி வைத்தால் இரவில் உறக்கம் வரும். ஆனால் அதை அவர் அனுப்பவில்லை. மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். தபால் பதிவேட்டில் எண் ஏறிவிட்ட காகிதத்தைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. அது கோப்பில் ஒரு பக்கமாக அமர்ந்துவிடும். பின்னர் வரும் அதிகாரிகள் அனைவரும் அதைப் படிப்பர். கோபத்தில் எழுதிய தாள் ஒன்றிரண்டு இரவுகள் இழுப்பறையில் கிடப்பதால் எவ்வித நட்டமும் இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். குறிப்பை எதிர்த்து முறையீடு செய்யும் உரிமை வேறு. குறிப்பிலிருந்து காரியப் பட்டியல் எழுதுவது வேறு. அவ்வுரிமை எளிதில் கிடைத்ததன்று. முற்காலத்தில் பாதகமான குறிப்பை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இருந்தது. எல்லைச் சாலைப் பொறியியல் பணியைச் சேர்ந்த தேவ் தத் என்பவருக்கு ஓராண்டில் ‘நன்று’ என்று மதிப்பீடு எழுதப்பட்டிருந்தது. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டியிருந்தமையால், நல்ல சொல்லாகத் தோன்றிய அதுவே அவருக்குத் தடையாயிற்று. அச்செய்தி அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 2008ஆம் ஆண்டு, மதிப்பீடு எதுவாயினும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனையொட்டி 2009ஆம் ஆண்டு மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு மதிப்பீட்டுத் தாள் முழுவதையும் காட்டவும், 15 நாள்களுக்குள் முறையீடு செய்ய இடந்தரவும் ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டில் மூன்று நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வும் அதே கருத்தை உறுதிசெய்தது. மற்றப் பணிகளில் உள்ளோர் தமக்கு வந்த குறிப்பாணையில் காட்டியுள்ள காலக்கெடுவைப் பார்த்து அதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். கோபம் தணியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுதல் பொறுமையாகாது.

முறையீட்டுக்கு ஒரு தாள், காரியத்துக்கு ஒரு தாள் எனத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது நலம். முறையீட்டில் காரியப் பட்டியலைக் கலந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது போலத் தோன்றும். காரியப் பட்டியலில் முறையீட்டைக் கலந்தாலோ ஒவ்வொரு இனத்தின் வாலிலும் ஒரு சமாதானம் தொங்கும்.

இரண்டு நாள் கழித்து நண்பர் ஒரு முழுத்தாளை எடுத்து நெடுக்கில் நான்கு பத்திகளாகக் கோடிட்டார். முதற்பத்தியில் குறிப்பின் வாக்கியங்களை ஓர் எழுத்தும் மாறாமல் எழுதினார். இவ்வாறு உள்ளபடி எழுதுவது அவசியம். நினைவிலிருந்து எழுதினால் நாம் காயப்பட்ட வகையில்தான் எழுதுவோம். ‘கடைக்கோடிக் குழாய்களில் குளோரின் காணப்படவில்லை’ என்ற வாக்கியம், இரண்டு நாள் மனத்தில் ஊறியபின் ‘நான் ஊருக்கே போவதில்லை என்று எழுதிவிட்டார்கள்’ என்றாகியிருக்கும். அவ்வாறு எழுதப்படாத ஒன்றுக்கு விடை தேடுவதில் காலம் போய்விடும்.

அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் பிளந்து பார்க்க வேண்டும். குறிப்பில் வரும் கூற்று மூன்று வகைப்படும். கண்ணால் கண்டது ஒன்று. எண்ணிக்கையால் அறிந்தது ஒன்று. அபிப்பிராயமாகக் கொண்டது மற்றொன்று. ‘குளோரின் காணப்படவில்லை’ என்பது கண்டது. ‘மேற்பார்வை அறவே இல்லை’ என்பது கண்டதிலிருந்து கொண்ட அபிப்பிராயம். வரி வசூலைப் பற்றிய வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு சதவீதம் ஒளிந்திருக்கிறது. ‘பொறுப்புணர்வு குறைந்தவர்’ என்பதற்குப் பின்னால் தனியாக எதுவும் இல்லை. முன்னுள்ள மூன்றின் நிழலே அது. கண்டதையும் எண்ணியதையும் சரிபார்க்க முடியும். அபிப்பிராயத்தைச் சரிபார்க்க இயலாது. அது எதிலிருந்து பிறந்தது என்று கேட்க மட்டுமே முடியும். ஆதலின் இரண்டாம் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ‘எந்த ஊர், எந்த நாள், எந்த எண்’ என்று எழுதி இடத்தைக் காலியாக விட்டார் நண்பர். அக்காலியிடங்களை நிரப்ப மேலதிகாரியைக் காண வேண்டியதாயிற்று.

இச்சந்திப்பில்தான் பலரும் தடுமாறுகின்றனர். விளக்கம் சொல்லச் சென்றால் அது வாதமாக மாறும். வாதத்தில் மேலதிகாரி தாம் எழுதியதற்கு அரண் கட்டத் தொடங்குவார். அதன்பின் செய்தி கிடைக்காது. நண்பர் தம் மேலதிகாரியான அம்மையாரிடம், “அம்மா, தாங்கள் எழுதியதைப் படித்தேன். எந்த ஊராட்சியில் எந்த நாளில் பார்த்தீர்கள் என்று தெரிந்தால் அங்கிருந்து தொடங்கலாம் என்று வந்தேன்” என்று மட்டும் கூறினார். அம்மையார் தம் நாட்குறிப்பைப் புரட்டி இரண்டு ஊர்களின் பெயரையும் நாள்களையும் கூறினார். இரண்டு ஊரிலும் தெருக்கோடிக் குழாயில் தாமே சோதித்ததாகவும், நிறமே வரவில்லையென்றும் சொன்னார். “தொட்டி இயக்குபவரைக் கேட்டால் தினமும் போடுகிறேன் என்கிறார். அப்படியானால் மருந்து எங்கே போயிற்று?” என்றும் கேட்டார். நண்பர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். அவர் மறுத்துச் சொன்னது எதுவும் இல்லை. ஏற்றுக்கொண்டதாகச் சொன்னதும் எதுவும் இல்லை. 10 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

‘மருந்து எங்கே போயிற்று?’ என்ற கேள்வி, குறிப்பில் இருந்த நான்கு வாக்கியங்களைக் காட்டிலும் பயனுள்ளதாக முடிந்தது.

இனி மூன்றாம் பத்தி. அது பதிவேடுகளோடு ஒப்பிடுவது. நண்பரின் சுற்றுப்பயண நாட்குறிப்பில் அவ்விரு ஊர்களுக்கும் அவர் மாதந்தவறாமல் சென்றமைக்குச் சான்று இருந்தது. குளோரின் கலக்கும் பதிவேட்டில் நாள்தோறும் கையொப்பம் இருந்தது. ‘மேற்பார்வை அறவே இல்லை’ என்பது தவறு என்று இவற்றைக் கொண்டே நாட்டிவிடலாம். முறையீட்டுத் தாளில் அவற்றைக் குறித்தும் வைத்தார். ஆனால் கடைசிக் குழாயில் குளோரின் இல்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒருங்கே நிற்பது எவ்வாறு என்று பார்த்தபோதுதான் நாட்குறிப்பு வேறொன்றைக் காட்டியது. அவர் சென்ற நேரமெல்லாம் நண்பகலை ஒட்டியிருந்தது. பார்த்த இடமெல்லாம் தொட்டியடியாக இருந்தது. தண்ணீர் விடும் காலை வேளையில், தெருவின் கடைசிக் குழாயில் அவர் ஒருநாளும் சோதித்ததில்லை.

வெளுப்புத் தூளாகிய பிளீச்சிங் பவுடரின் இயல்பை இங்கே சிறிது விளக்க வேண்டியுள்ளது. நோய் பரவாமல் காப்பது அதன் வேலையாதலால் இது சிறிய செய்தியன்று. வழக்கமாக 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம் என்ற கணக்கில் அதைக் கலக்கிறோம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் வேண்டும். புதிய தூளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பயன்தரும் குளோரின் இருக்கும் என்று கொண்டால், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் குளோரின் நீரில் சேர்கிறது. நீரில் உள்ள அழுக்கும் கிருமியும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். எஞ்சியது கடைசிக் குழாய்வரை சென்று, அங்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தூள் மூட்டையை வாய் கட்டாமல் ஈரத்தரையில் வைத்திருந்தால் அதன் வீரியம் நாளுக்கு நாள் குறையும். மூன்றில் ஒரு பங்கு இருந்தது பத்தில் ஒரு பங்காகிவிட்டால், அதே 120 கிராமும் லிட்டருக்கு 0.4 மில்லிகிராமே கொடுக்கும். அது தொட்டியிலேயே தீர்ந்து போகும். தொட்டி இயக்குபவர் பொய் சொல்லவில்லை. தினமும் போட்டதும் மெய், குழாயில் இல்லாததும் மெய்.

மற்றொரு காரணமும் உண்டு. தூளை அப்படியே தொட்டியில் கொட்டி உடனே குழாயைத் திறந்துவிடுவது சில ஊர்களில் வழக்கம். அவ்வாறன்றி, வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பின்னர் அரைமணி நேரமாவது விட்டுத் திறக்க வேண்டும். இல்லையேல் முதலில் நீர் பெறும் வீட்டார் மருந்து நாற்றம் என்று முகம் சுளிப்பர். கடைசி வீட்டாருக்கோ ஒன்றும் இராது. நண்பர் இரண்டு ஊர்களிலும் காலையில் சென்று பார்த்ததில், ஓர் ஊரில் மூட்டை கெட்டிருந்தது. மற்றோர் ஊரில் அரைமணிப் பொழுது விடப்படவில்லை.

நான்காம் பத்திதான் காரியம். முதலில் அவர் எழுதியது, ‘குடிநீர்ப் பணியில் இனித் தனிக்கவனம் செலுத்தப்படும்’ என்பது. இத்தகைய வாக்கியம் எழுதக் கை பழகிவிட்டது. நம் அலுவலகங்களின் கோப்புகளில் இவ்வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கவனம் செலுத்தப்பட்டதா என்பதை அடுத்த மாதம் எவ்வாறு அறிவது? யார் செலுத்துவது? ‘செலுத்தப்படும்’ என்ற சொல்லில் செய்பவர் மறைந்துவிடுகிறார். ஆகவே அதை அடித்துவிட்டு இவ்வாறு எழுதினார்: ‘செவ்வாய், வெள்ளி ஆகிய நாள்களில் காலை 6.30 மணிக்கு நாளொன்றுக்கு ஓர் ஊராட்சி வீதம் சென்று, கடைசிக் குழாயில் நீர் எடுத்து நானே சோதித்து, அளவையும் நேரத்தையும் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவேன். 6 வாரத்தில் 12 ஊராட்சிகளும் ஒரு சுற்று முடியும்.’ இதில் செய்பவர் உளர், நாள் உண்டு, இடம் உண்டு, பார்த்தறியத்தக்க சான்று உண்டு. அம்மையார் விரும்பினால் எந்த வெள்ளியன்றும் எந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது இனமாக, ‘அளவு குறைந்தால் அதேநாள் தொட்டியிலும் சோதிப்பேன். தொட்டியிலும் குறைவென்றால் தூளைப் பார்ப்பேன். தொட்டியில் சரியாக இருந்து குழாயில் குறைந்தால் வழியில் கசிவைத் தேடுவேன்’ என்று சேர்த்தார். குறை தென்பட்டால் அடுத்து என்ன என்பதையும் எழுதாத பட்டியல், முதற்குறையைக் கண்டவுடன் நின்றுவிடும்.

புதிய தூள் வாங்கும் காரியத்தில் அவர் ஒரு நுட்பமான இடத்தைக் கவனித்தார். வாங்குவது ஊராட்சியின் அதிகாரம், அவருடையதன்று. ‘புதிய தூள் வாங்குவேன்’ என்று எழுதினால், பிறர் செய்ய வேண்டியதற்குத் தாம் வாக்களித்ததாகிவிடும். ‘கெட்டுப்போன தூளின் விவரத்தை இம்மாதம் 10ஆம் நாளுக்குள் ஊராட்சித் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்து, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புவேன்’ என்று எழுதினார். நம் கைக்குள் அடங்கும் காரியம் எதுவோ அதையே நம் பட்டியலில் எழுத வேண்டும்.

வரி வசூலைப் பற்றிய வாக்கியம் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டைப் பார்த்ததும் பாதி தெளிந்தது. மிகவும் பின்தங்கியிருந்த ஓர் ஊராட்சியில் கேட்பு 2,40,000 ரூபாய். வசூல் 1,44,000 ரூபாய். ஆக 60 சதவீதம். நிலுவையாக நின்ற 96,000 ரூபாயைப் பெயர் பெயராகப் பிரித்தபோது, 36,000 ரூபாய் இடிந்துபோன வீடுகளின்மீதும் இருமுறை பதிவான வீடுகளின்மீதும் ஆண்டாண்டாக ஏறிவந்த தொகை என்று தெரிந்தது. அதை நீக்கினால் வசூல் 70 சதவீதத்தைத் தாண்டும். இந்த இடத்தில் ‘பார்த்தீர்களா, குறிப்பு தவறு’ என்று வெற்றி கொண்டாட மனம் துடிக்கும். ஆனால் எஞ்சிய 60,000 ரூபாய் மெய்யான நிலுவையே. செயலரைக் கொண்டு அதை வசூலிக்கவில்லை என்பதும் மெய்யே. மேலும், அந்த 36,000 ரூபாயை உரிய முறைப்படி நீக்கும் முன்மொழிவை எவரும் அனுப்பவில்லை என்பதும் மேற்பார்வையில் சேர்ந்ததுதான். எனவே பட்டியலில் இரண்டு வரிகள் ஏறின: வீடுதோறும் சென்று சரிபார்த்த இடிந்த வீடுகளின் பட்டியலோடு நீக்க முன்மொழிவு மாத முடிவுக்குள் அனுப்புவது, மெய்யான நிலுவைதாரர்களில் தொகை பெரிதாக உள்ள 20 பேரை மட்டும் செயலரோடு நேரில் காண்பது. ஊர் முழுவதையும் ஒரே மாதத்தில் வசூலித்துவிடுவோம் என்று எழுதவில்லை.

மூன்றாவது வாக்கியம் கடினமானது. ‘அலட்சியமாகப் பேசுகிறார்’ என்பதைச் சரிபார்க்கப் பதிவேடு இல்லை. அன்றியும், மனிதரை மிகவும் சுடுவதும் இத்தகைய சொல்லே. அம்மையார் சொன்ன நிகழ்ச்சி அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் நடந்தது. தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை என்று ஒரு தாயார் எழுந்து சொன்னபோது, நண்பர் தலை நிமிராமல் ‘மனு எழுதிக் கொடுங்கள்’ என்றாராம். நண்பருக்கு அது நினைவில் இல்லை. அன்று தீர்மானப் புத்தகத்தில் வரவினரின் கையொப்பங்களைச் சரிபார்த்துக் கொண்டிருந்ததாக அவர் எண்ணினார். தம் தரப்பை ஆதரிக்கும் சக ஊழியரைக் கேட்காமல், அக்கூட்டத்தில் இருந்த சுய உதவிக் குழுவின் தலைவி ஒருவரைக் கேட்டார். “சார், நீங்கள் திட்டவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அக்காவுக்கு எழுதத் தெரியாது” என்றார் அப்பெண்மணி.

இதற்கு ‘இனி இனிமையாகப் பேசுவேன்’ என்று எழுதுவதில் பயனில்லை. இனிமையை அளப்பார் யார்? பிறர் காணத்தக்க ஒரு செயலாக அதை மாற்ற வேண்டும். ‘கிராம சபையில் வாய்மொழியாகக் குறை சொல்வோரின் பெயரையும் குறையையும் அவர்கள் முன்னிலையிலேயே நானே குறிப்பேட்டில் எழுதி, படித்துக் காட்டி, விடை கூறும் நாளைச் சொல்வேன். மனு எழுதுமாறு கேட்கமாட்டேன்’ என்று எழுதினார். எழுதுவதற்கு முகம் பார்க்க வேண்டும். பெயர் கேட்க வேண்டும். அலட்சியம் நுழைய அங்கே இடமில்லை. கிராம சபையின் நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவையாதலால், அடுத்த சனவரி 26ஆம் நாளிலேயே இதனைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

நான்காவது வாக்கியத்துக்கு எதிரே நண்பர் எதுவும் எழுதவில்லை. சிறிய கோடு ஒன்று இட்டார். பொறுப்புணர்வு குறைந்தவர் என்பதற்கு எந்தச் செயலும் மருந்தாகாது. அதை மறுக்க வேண்டிய இடம் முறையீட்டுத் தாள். அங்கே அவர் நாட்குறிப்பின் நாள்களையும் பயணங்களின் எண்ணிக்கையையும் காட்டி, பொதுப்படையான அச்சொல்லை நீக்குமாறு ஒரே பக்கத்தில் கேட்டுக்கொண்டார். இழுப்பறையில் கிடந்த 6 பக்கத்திலிருந்து அதற்குப் பயன்பட்டது நான்கு வரிகளே. முறையீடு கெடுவுக்குள் சென்றது.

எல்லாக் குறிப்புகளும் இவ்வாறு பட்டியலாக மாறும் என்று எண்ண வேண்டா. நிகழ்ச்சியும் எண்ணும் கேட்டபின்னும் ஒன்றுமே கிடைக்கவில்லையெனில், அக்குறிப்பு பணியைப் பற்றியதன்று. ஒருவரின் சாதியையோ உடற்குறையையோ பெண் என்பதையோ சுட்டி எழுதியதாயின், அதற்குப் பட்டியல் போட்டு அமைதி காப்பது பொருந்தாது. சட்டமும் புகார் வழிகளும் அதற்கே உள்ளன. நான்கு பத்தித் தாள் இவ்வேற்றுமையையும் காட்டிவிடும். இரண்டாம் பத்தி முற்றிலும் காலியாகவே நின்றால் அதுவே அடையாளம்.

பட்டியல் எழுதியபின் நேரும் கோளாறுகளுள் இரண்டை மட்டும் சொல்வோம். ஊக்கத்தில் 20 இனங்கள் எழுதிவிட்டு, எல்லாவற்றுக்கும் மாதக் கடைசியையே கெடுவாகப் போடுவது ஒன்று. மாதக் கடைசியில் அறிக்கைகளின் நெருக்கடியில் ஒன்றும் நடக்காது. நண்பரின் பட்டியலில் மொத்தம் 6 இனங்கள். கெடுக்கள் வெவ்வேறு வாரங்களில் விழுந்தன. மற்றொன்று, சான்றுக்காகவே சான்று எழுதுவது. சோதனைப் பதிவேட்டில் 12 ஊர்களிலும் எல்லா நாளும் 0.2 என்றே இருந்தால் அது குழாயடியில் எழுதியதன்று, மேசையில் எழுதியது என்று அறியலாம். மெய்யான சோதனையில் எண்கள் ஏறியும் இறங்கியும் இருக்கும். சில நாள் நிறமே வராது. அளவைக் குப்பியில் சோதனைத் திரவம் விட்டவுடன் எழும் மஞ்சள் நிறத்தை உடனே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நேரம் கடந்து பார்த்தால் நிறம் கூடி, இல்லாத குளோரினும் இருப்பது போலத் தோன்றும். ஆதலால்தான் நண்பர் அளவுடன் நேரத்தையும் எழுதத் தொடங்கினார்.

பட்டியலின் ஒரு நகலை அவர் அம்மையாரிடம் நேரில் கொடுத்தார். அம்மையார் படித்துவிட்டு, தெருவிளக்குக்கு விடை கூறும் நாளை யார் குறிப்பது என்று மட்டும் கேட்டார். நண்பர் அவ்விடத்தில் 7 நாள் என்று பேனாவால் சேர்த்தார். பெரிய சமரசமோ பாராட்டோ அங்கு நிகழவில்லை.

6 வாரச் சுற்று முடிந்தபோது 9 ஊராட்சிகளில் கடைசிக் குழாயின் அளவு சரியாக இருந்தது. குறைந்திருந்த மூன்றில் இரண்டில் தூள் பழையது. தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தின்மேல் புதிய மூட்டைகள் வந்தன. மூன்றாவது ஊரில் தொட்டியில் அளவு சரியாகவும் குழாயில் ஒன்றுமில்லாமலும் இருந்தது. வாய்க்காலை ஒட்டிச் செல்லும் குழாயில் இணைப்பு ஒன்று விட்டுப்போய், தண்ணீர் நின்ற வேளையில் வாய்க்கால் நீர் உள்ளே புகுந்து கொண்டிருந்தது. அந்தத் தெருவில் 40 வீடுகள். மதிப்பீட்டுக் குறிப்பில் அவ்வூரின் பெயரே இல்லை. அக்குழாயைப் பழுதுபார்க்கும் மதிப்பீடு தயாராகும்வரை அத்தெருவுக்கு வேறு வழியில் நீர் விடுவது, நண்பர் அடுத்து எழுதிய பட்டியலின் முதல் இனமாயிற்று.